முப்பது நாள், எந்த நாளிலிருந்து?

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்து வடக்கே அனுப்பும் சிறு பட்டறைகளுக்கு மின்னஞ்சலில் வரும் பர்ச்சேஸ் ஆர்டரில் விலை, அளவு, வரைபட எண், உலோகத்தின் தரம் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஒரு வரி வரும்: ‘பேமெண்ட்: 30 டேஸ், இன்வாய்ஸ்/டெலிவரி’. விலையில் ஐம்பது காசு குறைந்தாலும் உடனே போன் போடும் முதலாளி, இந்த வரியைப் படித்துவிட்டு ‘முப்பது நாளில் காசு வந்துவிடும்’ என்று மனதில் குறித்துக்கொண்டு லேத்தை ஓட்டச் சொல்லிவிடுவார்.

நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடுதான் வில்லங்கம். பில் போட்ட நாளிலிருந்து முப்பதா, சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முப்பதா, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்தா? மூன்று விதமாகவும் படிக்கலாம். பணம் தர வேண்டியவர் தனக்கு வசதியான விதத்தில் படிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதில் எவ்வளவு நாள் போகும் என்று பார்க்க, ஒரு ஆர்டரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கோவைப் பட்டறை ஒன்று புனேயில் உள்ள பம்ப் கம்பெனிக்கு 400 ஷாஃப்ட் அனுப்புகிறது. ஒன்று 1,250 ரூபாய். மொத்தம் 5 லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து பில் தொகை 5,90,000 ரூபாய். 2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை பில் போட்டு லாரியில் ஏற்றியாகிவிட்டது. ஜூன் 10, செவ்வாய்க்கிழமை சரக்கு புனே ஆலையின் வாசலில் இறங்குகிறது. லாரி ரசீதில், அதாவது எல்.ஆரில், செக்யூரிட்டி முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறார். தரப் பரிசோதனை முடிந்து ஸ்டோர்ஸ்காரர் ஜி.ஆர்.என். எனப்படும் சரக்கு வரவுச் சீட்டைப் போடுவது ஜூன் 16. கூரியரில் போன பில்லின் அசல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்து அக்கவுண்ட்ஸ் பிரிவில் பதிவாவது ஜூன் 20.

இப்போது எண்ணிப் பாருங்கள். பில் தேதியிலிருந்து முப்பது நாள் என்றால் கெடு ஜூலை 6. சரக்கு இறங்கிய நாளிலிருந்து என்றால் ஜூலை 10. ஜி.ஆர்.என். தேதியிலிருந்து என்றால் ஜூலை 16. அக்கவுண்ட்ஸில் பில் பதிவான தேதியிலிருந்து என்றால் ஜூலை 20. அந்தக் கம்பெனி மாதம் இரண்டே முறை, 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும்தான் பணம் பட்டுவாடா செய்யும் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு கணக்கிலும் பணம் ஜூலை 10 வந்துவிடும். அடுத்த இரண்டிலும் ஜூலை 25 ஆகிவிடும். சில கம்பெனிகளில் ‘மாதக் கடைசியிலிருந்து முப்பது நாள்’ என்று ஒரு வழக்கமும் உண்டு. அந்தக் கணக்கில் கெடு ஜூலை 30. அடுத்த பட்டுவாடா ஆகஸ்ட் 10. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் 11.

ஆக, ஒரே வரியை வைத்துக்கொண்டு ஜூலை 6 என்றும் சொல்லலாம், ஆகஸ்ட் 11 என்றும் சொல்லலாம். இடையில் 36 நாள். முப்பது நாள் கடன் என்று பேசியது, ஓசையில்லாமல் இரண்டு மாதக் கடனாகிவிடுகிறது. இதற்கிடையில் ஜூன் மாத விற்பனைக்கான ஜி.எஸ்.டி.யை, மாதந்தோறும் தாக்கல் செய்பவர் ஜூலை 20க்குள் கட்டியாக வேண்டும். இந்த ஒரு பில்லில் மட்டும் வரி 90,000 ரூபாய். கச்சாப் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். மீதியைக் கையிலிருந்துதான் போட வேண்டும். பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை என்பதை வரி அலுவலகம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தத் தேதிகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். பில் தேதிக்கும் சரக்கு சேர்ந்த தேதிக்கும் நடுவே நான்கே நாள்தான். அதற்குக் காரணம் ஜி.எஸ்.டி. சட்டம். இடம்பெயரும் சரக்குக்கு, அது கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில் போட்டாக வேண்டும். அதனால் பில்லா டெலிவரியா என்ற தகராறில் போவது பெரும்பாலும் லாரி ஓடும் நாட்கள் மட்டும். பெரிய இழப்பு அடுத்த கட்டத்தில் வருகிறது. ‘டெலிவரி’ என்ற சொல்லை வாங்குபவர் ‘பரிசோதித்து ஏற்றுக்கொண்ட நாள்’ என்று படிக்கிறார். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல்லை ‘சரியான பில் எங்கள் கைக்கு வந்த நாள்’ என்று படிக்கிறார். இந்த இரண்டு தேதிகளும் முழுக்க முழுக்க வாங்குபவரின் கட்டிடத்துக்குள் நடப்பவை. பரிசோதகர் லீவில் போனால் ஜி.ஆர்.என். தள்ளிப்போகும். பில்லில் பி.ஓ. எண் தவறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் கெடு முதலிலிருந்து ஓடத் தொடங்கும். கோவையில் இருப்பவருக்கு இது எதுவும் தெரிய வழியில்லை.

ஆகவே தெளிவு கேட்டு எழுதுபவர் தேட வேண்டியது, இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற, ஒருவர் மட்டும் நினைத்தால் நகர்த்த முடியாத ஒரு தேதியை. ஏற்றுமதிக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளிநாட்டு வாங்குபவரோடு தவணை பேசும்போது ‘பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 30 நாள்’ என்று எழுதும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அந்தச் சீட்டைக் கொடுப்பது கப்பல் கம்பெனி. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் போட்ட தேதி என்பதால் அதில் தகராறுக்கு இடம் குறைவு. உள்நாட்டு லாரி வியாபாரத்தில் அதற்கு ஈடாக இருப்பது, வாங்குபவரின் வாசலில் முத்திரை விழுந்த எல்.ஆர். முத்திரை அவருடையது, சீட்டு லாரிக்காரருடையது, நகல் விற்பவரிடம் திரும்பி வந்துவிடும்.

டெலிவரி தேதியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு வலுவான காரணம் சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்குபவர் எழுத்தில் எந்தக் கெடுவை ஒப்புக்கொண்டிருந்தாலும், அது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அதன் 15ஆவது பிரிவு. ‘ஏற்றுக்கொண்ட நாள்’ எது என்பதையும் அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. சரக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த நாள்தான் அது. சரக்கில் குறை இருந்தால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அப்போது அந்தக் குறை நீக்கப்பட்ட நாள் கணக்குக்கு வரும். ஆட்சேபம் எதுவும் வராவிட்டால் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஜி.ஆர்.என். எப்போது போட்டார்கள் என்பதையோ, பில் எந்த மேஜையில் தூங்கியது என்பதையோ சட்டம் கேட்கவே இல்லை.

நம் கணக்கில் சரக்கு சேர்ந்தது ஜூன் 10. அதிலிருந்து 45ஆம் நாள் ஜூலை 25. ஆகஸ்ட் 11 வரை இழுத்தால் அது சட்டம் போட்ட கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அப்படித் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். 2025 ஜூன் 6 முதல் அந்த விகிதம் 5.75 சதவீதமாக இருந்தது. மூன்று மடங்கு என்றால் 17.25. 5,90,000 ரூபாய்க்கு 17 நாள் தாமதத்துக்குச் சுமார் 4,700 ரூபாய் ஆகிறது. இந்த வட்டியைப் பில் போட்டுக் கேட்கும் பட்டறைக்காரர் அபூர்வம். அடுத்த ஆர்டர் வேண்டுமே! சட்டம் கையில் இருந்தும் அதை எடுக்க முடியாத இந்த நிலைமைதான், ஆரம்பத்திலேயே ஒரு மின்னஞ்சலில் விஷயத்தை முடித்துக்கொள்வதை அவ்வளவு லாபகரமாக்குகிறது.

எழுத்தில் கெடு எதுவுமே இல்லையென்றால் சட்டம் இன்னும் கறாரானது. சரக்கு சேர்ந்து 15 நாள்தான். அதனால் குழப்பமான வரியை நேராக்கிக்கொள்வதில் வாங்குபவருக்கும் அக்கறை இருக்க நியாயம் உண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு அவர்கள் தலையில் இன்னொரு கத்தியைத் தொங்கவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை இந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேலாளர் உதயம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, உதயம் பதிவு இருந்தாலும், தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதி வாங்கும் வரிதான் எல்லாமே.

சரி, மின்னஞ்சலை எப்படி எழுதுவது? எப்போது எழுதுவது என்பது அதற்கும் முந்திய கேள்வி. பி.ஓ. வந்த கையோடு, இரும்புக்கம்பி வாங்குவதற்கு முன்னால் எழுத வேண்டும். அந்த நேரத்தில் சரக்கு தேவைப்படுபவர் அவர். சரக்கு இறங்கிய பிறகு கேட்டால் அது தெளிவு கேட்பதாகத் தெரியாது; பணத்துக்கு நச்சரிப்பதாகத் தெரியும். யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். பர்ச்சேஸ் அதிகாரிக்கு மட்டும் எழுதினால் அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். பணம் அனுப்புவது அவரல்ல. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் நகல் போக வேண்டும். இப்படிப்பட்ட கடிதங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். நேற்று அனுப்பிய பி.ஓ. கிடைத்தது, நன்றி. வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்கிறோம். பணம் தரும் நிபந்தனையில் ‘30 நாள், இன்வாய்ஸ்/டெலிவரி’ என்று இருக்கிறது. எங்கள் புரிதல் இது: ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தனியாக, சரக்கு உங்கள் புனே ஆலை வாசலில் இறங்கி எல்.ஆரில் முத்திரை விழும் தேதியிலிருந்து 30 காலண்டர் நாள். இறங்கிய நாள் கணக்கில் சேராது. 30ஆம் நாள் வங்கி விடுமுறையானால் அடுத்த வேலை நாள். அதற்குள் பணம் எங்கள் கணக்கில் வரவாகிவிடும். உதாரணமாக, ஜூன் 10 சரக்கு இறங்கினால் ஜூலை 10க்குள். பில் சரக்கோடு வரும். அதே நாளில் பி.டி.எஃப். நகல் அக்கவுண்ட்ஸுக்கும் அனுப்புகிறோம். ஏதாவது பீஸ் திருப்பப்பட்டால் அதன் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை இதே தேதியில் தரவும். இது சரியென்றால் பதிலில் உறுதிசெய்து, பி.ஓ.வின் அந்த வரியையும் திருத்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

குற்றம் சாட்டும் தொனி இதில் எங்கும் இல்லை. ‘உங்கள் பி.ஓ. தவறு’ என்று சொல்லாமல், ‘எங்கள் புரிதல் இது’ என்று போகிறது. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு ஓட்டையை அடைக்கிறது.

தேதி போட்ட உதாரணம்தான் இதில் மிக முக்கியமானது. விதியை எவ்வளவு கவனமாக எழுதினாலும் வேறு மாதிரி படிக்க இடம் இருக்கும். ‘ஜூன் 10 இறங்கினால் ஜூலை 10’ என்பதை வேறு மாதிரி படிக்க முடியாது. முதல் நாளை எண்ணுவதா வேண்டாமா என்ற சிக்கலையும் அது தீர்த்துவிடுகிறது. உலக வாணிகத்தில் லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கு அடிப்படையாக இருக்கும் யூ.சி.பி. 600 விதிகள் (2007 ஜூலை முதல் நடப்பில் இருப்பவை) இந்த ஒரு நாள் சண்டைக்காகவே ஒரு வாக்கியத்தை ஒதுக்கியிருக்கின்றன. பணம் தரும் கெடுவைக் கணக்கிடும்போது, எந்தத் தேதியிலிருந்து என்று சொல்கிறோமோ அந்தத் தேதியை எண்ணக் கூடாது என்பது அந்த விதி.

‘ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தனியாக’ என்பதற்கும் காரணம் உண்டு. 1,200 ஷாஃப்ட்டை மூன்று லாட்டாக, மாதம் 400 வீதம் அனுப்பும் ஆர்டராக இருந்தால், ‘டெலிவரி முடிந்த பிறகு’ என்பதைக் கடைசி லாட் போய்ச் சேர்ந்த பிறகு என்று வாங்குபவர் படிக்கலாம். அப்படியானால் முதல் லாட்டின் பணம் நான்காவது மாதத்தில்தான் வரும். திருப்பப்பட்ட பீஸ் பற்றிய வாக்கியமும் அப்படித்தான். 400இல் 12 பீஸ் அளவில் பிசகியிருந்தால் 388க்கான பணத்தையும் சேர்த்து நிறுத்திவைப்பது அடிக்கடி நடக்கும் சங்கதி. நிறுத்த வேண்டியது 12 பீஸின் பணத்தைத்தான்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? ‘மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி இருப்பது சரியல்ல. பேசாமல் இருப்பதைச் சம்மதமாக ஒப்பந்தச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. போன் போட்டு, “சார், அந்த மெயிலுக்கு ஒரு ‘கன்ஃபர்ம்டு’ போட்டுவிடுங்கள், மெட்டீரியல் எடுத்துவிடுகிறேன்” என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். அந்த ஒற்றைச் சொல் பதிலுக்கு எடை உண்டு. மின்னஞ்சலில் உண்டாகும் ஒப்பந்தம், அது மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே பாக்சைட் சப்ளை தொடர்பாக நடந்த வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அப்படியானால் பி.ஓ.வைத் திருத்தச் சொல்வது எதற்கு? இரண்டு காரணம். பி.ஓ.வின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ‘இந்த நிபந்தனைகளே செல்லும், இதற்கு முரணான கடிதப் போக்குவரத்து செல்லாது’ என்று ஒரு வரி இருக்கலாம். இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறை சார்ந்தது. பெரிய கம்பெனிகளில் கெடுவை மனிதர்கள் எண்ணுவதில்லை, மென்பொருள் எண்ணுகிறது. எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருளில் ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு பேமெண்ட் டெர்ம் குறியீடு இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதற்கு ‘பேஸ்லைன் டேட்’ என்று ஒன்று உண்டு. அது தானாகவே பில்லின் தேதியையோ, பில் கணக்கில் ஏறிய தேதியையோ, பதிவுசெய்த தேதியையோ எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். சரக்கு வாசலில் இறங்கிய தேதி அந்தப் பட்டியலில் இல்லை. அதை வேண்டுமென்றால் பில்லைப் பதிகிற குமாஸ்தா கையால் அடிக்க வேண்டும். மின்னஞ்சலில் எவ்வளவு அழகாகச் சம்மதித்திருந்தாலும், மென்பொருளில் பழைய குறியீடு இருந்தால் பணம் பழைய தேதியில்தான் வரும். அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு அனுபவசாலிகள் கையாளக்கூடிய ஒரு மாற்று வழி உண்டு. “டெலிவரி தேதியை எங்கள் சிஸ்டத்தில் போட முடியாது” என்று அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னால், “சரி, பில் தேதியிலிருந்து 34 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடலாம். ஜூன் 6லிருந்து 34 நாள் என்றாலும் கெடு அதே ஜூலை 10தான். லாரி ஓடும் நாட்களை விட்டுக்கொடுத்தாகிவிட்டது, மென்பொருளுக்கும் எளிது, ஜி.ஆர்.என்.னும் பில் பதிவும் கணக்குக்குள் வரவே வராது. ஆனால் வாங்குபவரின் பயம் ஒன்றும் நியாயமானதே. மாதக் கடைசியில் விற்பனையைக் கூட்டிக்காட்டப் பில்லைப் போட்டுவிட்டு, சரக்கைப் பத்து நாள் கழித்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அதனால், ‘பில்லும் எல்.ஆரும் ஒரே தேதியில் இருக்கும்’ என்று விற்பவர் சேர்த்து எழுதிக்கொடுப்பது முறை.

சரக்கு இல்லாமல் சேவை விற்பவர்களுக்கு, அதாவது விளம்பர வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர் போன்றவர்களுக்கு, நிலைமை தலைகீழ். முத்திரை குத்த வாசலும் இல்லை, லாரியும் இல்லை. முதல் வரைவை அனுப்பிய நாளா, ஐந்தாவது திருத்தம் முடிந்த நாளா, ‘அப்ரூவ்டு’ என்று பதில் வந்த நாளா, எது டெலிவரி என்பதற்கு முடிவே கிடையாது. இவர்கள் பில் தேதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது. எப்போது பில் போடலாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும்: இறுதிக் கோப்பை அனுப்பிய அன்று.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் வராமல் போகலாம். எந்த வரியும் காசோலையில் கையெழுத்துப் போட வைத்துவிடாது. குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். அங்கே முதலில் கேட்பார்கள்: பி.ஓ. எங்கே, பில் எங்கே, சரக்கு சேர்ந்ததற்கு அத்தாட்சி எங்கே? தெளிவு கேட்டு எழுதிய மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் அச்செடுத்து, முத்திரை விழுந்த எல்.ஆரோடு சேர்த்து, பி.ஓ. வாரியாக ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எல்.ஆரின் நகலை லாரி ஆபீசிலிருந்து ஒரு வாரத்துக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். மாதங்கள் கழித்துக் கேட்டால் கிடைப்பது கடினம்.